முன்பணமும் முதல் நாள் புகைப்படமும்

மே மாதத்தின் கடைசி வாரத்தில் சிவகாசி, விருதுநகர், கிருஷ்ணன்கோவில் பேருந்து நிறுத்தங்களில் ஒரே காட்சியைத்தான் காண முடிகிறது. சுருட்டிக் கட்டிய மெத்தை, பிளாஸ்டிக் வாளி, புத்தக மூட்டை, தோளில் ஒரு பை ஆகியவற்றுடன் மாணவர்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருப்பார்கள். கல்லூரி விடுதியில் இடம் கிடைக்காமலோ, அங்குள்ள உணவும் கட்டுப்பாடும் ஒத்துக்கொள்ளாமலோ தனியார் விடுதிகளிலும், 'பி.ஜி.' என்றழைக்கப்படும் வீடுகளிலும் தங்கிப் படித்தவர்கள் இவர்களில் கணிசமானோர். அறையின் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால், சேரும்போது கட்டிய முன்பணம் இன்னும் கைக்கு வந்திருக்காது. "கணக்குப் பார்த்து அனுப்பி வைக்கிறேன்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

அந்தக் கணக்கு சில வாரங்கள் கழித்து ஒரு வாட்ஸ்அப் செய்தியாக வருகிறது. வெள்ளையடிப்பு, பூட்டு, கண்ணாடி, 'பராமரிப்பு' என வரிசையாகக் கழித்து, மீதி இவ்வளவு என்று அதில் இருக்கும். மாணவர் கோபத்தில் நாலு வரி எழுதுவார். உரிமையாளர் தொலைபேசியை எடுக்க மாட்டார். விஷயம் அத்துடன் முடிந்துவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு கடிதம் இந்த இடத்தில் என்ன செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை ஒரு மாதிரிக் கணக்கை முன்வைத்துப் பார்ப்போம். கணக்கு கற்பனையானது, அதில் உள்ள பிடித்தங்கள் நம் ஊர்களில் அன்றாடம் நடப்பவை.

ராமநாதபுரம் மாவட்டத்தின் மிளகாய் விளையும் கிராமம் ஒன்றிலிருந்து சிவகாசிக்குப் படிக்க வந்த ஒரு மாணவி. மூவர் தங்கும் அறை. உணவுடன் மாதக் கட்டணம் 6,000 ரூபாய், முன்பணம் 10,000 ரூபாய். இரண்டு ஆண்டுகள் தங்கி, ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டு, கட்டணப் பாக்கி எதுவுமின்றி மே 28 அன்று அறையைக் காலி செய்தார். ஜூன் நடுவில் வந்த கணக்கில் சுவருக்கு வண்ணம் பூச 3,000, அலமாரிப் பூட்டு 800, சன்னல் கண்ணாடி 700, குளியலறைக் கறை நீக்க 1,000, பராமரிப்பு 1,500, ஆக மொத்தம் 7,000 ரூபாய் பிடித்தம் என்றிருந்தது. மீதி 3,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்று எழுதிக் கொடுக்கும்படி உரிமையாளர் கேட்கிறார்.

இந்த ஐந்து பிடித்தங்களில் சில நியாயமானவை, சில பாதி நியாயமானவை, சில அறவே பொருந்தாதவை. அவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் கடிதத்தின் வேலை. "என் பணம் 10,000 ரூபாயையும் திருப்பித் தாருங்கள்" என்று மொத்தமாகக் கேட்கும் கடிதத்துக்கு "முடியாது" என்று மொத்தமாகவே பதில் சொல்லிவிடலாம். ஒவ்வொரு பிடித்தத்துக்கும் தனித்தனியே விளக்கம் கேட்கும் கடிதத்துக்கு அப்படிப் பதில் சொல்வது கடினம்.

முதலில் முன்பணம் என்பது என்ன என்பதில் தெளிவு வேண்டும். அது உரிமையாளரின் வருமானம் அல்ல. தங்குபவர் சேதம் செய்தாலோ, பாக்கி வைத்தாலோ ஈடுகட்டிக்கொள்வதற்காக அவரிடம் இருக்கும், தங்குபவரின் பணம். இங்கிலாந்தில் இந்தக் கருத்தை 2007 முதல் நடைமுறையாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே வீடுகளை வாடகைக்கு விடுவோர் பெரும்பாலும் அந்த வைப்புத்தொகையை அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றின்கீழ் கொண்டுவந்தாக வேண்டும். தகராறு வந்தால், பிடித்தம் ஏன் என்பதை நிரூபிக்க வேண்டியவர் உரிமையாளர்தான். தங்கவந்த நாளின் அறை நிலையைக் காட்டும் பதிவு இல்லாமல் அவர் வெல்வது அரிது. நம்மிடம் அப்படி ஒரு பொதுப் பெட்டகம் இல்லை. பணம் ஒருவர் கையில், வாதம் மற்றொருவர் வாயில் என்பதே நிலைமை. அதனால்தான் நம் மாணவருக்குக் கடிதமும் படமும் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

படம் என்றவுடன் எல்லோருக்கும் காலி செய்யும் நாள்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அதைவிட மதிப்புள்ளது, சேர்ந்த நாளில் எடுத்த படம். சன்னல் கண்ணாடியில் விரிசல் இருக்கிறது என்பதைக் கடைசி நாள் படம் காட்டும். அந்த விரிசல் யாருடையது என்பதை முதல் நாள் படம் மட்டுமே சொல்லும். கடைசி நாள் படம் மட்டும் கையில் இருந்தால், அது உரிமையாளரின் வாதத்துக்கே சான்றாகிவிடவும் கூடும்.

முதல் நாள் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பாகக் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். கதவில் உள்ள அறை எண்ணை முதல் படமாக எடுக்க வேண்டும். பிறகு நான்கு மூலைகளிலிருந்தும் எதிர்ச் சுவர் முழுதும் தெரியும்படி நான்கு படங்கள். அதன்பின் குறை உள்ள இடங்களுக்கு இரண்டிரண்டு படங்கள்: குறை எந்தச் சுவரில், எந்தச் சன்னலில் இருக்கிறது என்று தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று ஒன்று, பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து நெருக்கமாக ஒன்று. மின்விசிறி, விளக்கு, குழாய் ஆகியவை இயங்குகின்றனவா என்பதற்கு ஒரு சிறு காணொளி. காலி செய்யும் நாளில், பொருள்களை எல்லாம் எடுத்து அறையைக் கூட்டிய பிறகு, சாவி கொடுப்பதற்கு முன் அதே வரிசையில், அதே மூலைகளில் நின்று மீண்டும் எடுக்க வேண்டும். இரு படங்களையும் அருகருகே வைத்தால் எவருக்கும் விளங்கும். பெண்கள் விடுதியில் இன்னொரு கவனமும் தேவை: உடன் தங்குபவர்களோ அவர்களுடைய உடைமைகளோ படத்தில் விழக் கூடாது. பணத் தகராறு வேறு தகராறாக மாற அது ஒன்றே போதும்.

தேதியை எப்படி நிறுவுவது? படத்தின் மீதே தேதி அச்சிடும் செயலிகளைச் சிலர் நம்புகிறார்கள். சிவகாசியில் அச்சான தினக்காட்டியைப் படத்துக்குள் வைத்து எடுப்பவர்களும் உண்டு. தாளை எந்தத் தேதிக்கு வேண்டுமானாலும் கிழிக்கலாம் என்பதால் அதற்கு அவ்வளவு வலு இல்லை. அதைவிட எளிய, உறுதியான வழி, எடுத்த படங்களை அன்று மாலையே உரிமையாளருக்கோ வார்டனுக்கோ அனுப்பி, "இன்று அறை எண் 7-இல் சேர்ந்தேன். சன்னல் கண்ணாடியில் விரிசலும், கதவுப் பக்கச் சுவரின் அடியில் ஓதமும் உள்ளன. தகவலுக்காகப் படங்கள் அனுப்பியுள்ளேன்" என்று ஒரு வரி சேர்ப்பதுதான். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்த தேதியை இருவர் தொலைபேசியும் ஒன்றுபோலச் சொல்லும். அன்றைக்கு மறுப்பு வரவில்லை என்பதும் பின்னாளில் பொருள் உள்ளதாகிறது.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் படத்தைப் படமாகவே அனுப்பினால் அது சுருக்கப்படுகிறது. எப்போது, எந்தக் கருவியில் எடுக்கப்பட்டது என்று படக்கோப்புக்குள் பதிவாகியிருக்கும் விவரமும் உதிர்ந்துவிடுகிறது. 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் கோப்பு அப்படியே போகும். எப்படி அனுப்பினாலும் மூலப் படத்தை அழிக்காமல், வெட்டாமல், மேலே வட்டம் போடாமல் வைத்திருக்க வேண்டும். குறிகள் இட வேண்டுமானால் நகலில் இடலாம். இரண்டு, மூன்று ஆண்டுகளில் மாணவர்கள் தொலைபேசியை மாற்றிவிடுகிறார்கள்; படம் தொலைவது பெரும்பாலும் அப்போதுதான். சேர்ந்த அன்றே தமக்குத் தாமே மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்வது நல்லது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு, மின்னணுப் பதிவுகளைச் சான்றாக வைக்கும்போது அவற்றின் உண்மைத்தன்மைக்குச் சான்றிதழ் கேட்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் உரிமையியல் நீதிமன்றங்களைப் போல அவ்வளவு கறாராக இருப்பதில்லை என்றாலும், மூலக் கோப்பு கையில் இருப்பவரின் நிலை எங்கும் வலுவானதே.

முதல் நாள் படமே எடுக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்பதில்லை. சேர்ந்த மாதத்தில் அறையில் கொண்டாடிய பிறந்தநாள் படத்தின் பின்னணியில் அந்தச் சன்னல் இருக்கலாம். "சுவர் ஈரமாக இருக்கிறது, கட்டிலைத் தள்ளிப் போட்டுத் தாருங்கள்" என்று வார்டனுக்கு முன்பே அனுப்பிய செய்தி இருக்கலாம். முந்தைய ஆண்டு அதே அறையில் இருந்த மூத்த மாணவியிடம் ஏதேனும் இருக்கும். தேடினால் கிடைக்கும் இத்தகைய தற்செயல் படங்கள், சண்டைக்காக எடுக்கப்படாதவை என்பதாலேயே நம்பத்தக்கவையாகவும் இருக்கின்றன.

இனி நம் மாணவியின் கணக்குக்கு வருவோம். வாடகைக்கு விட்ட இடத்தை ஒப்படைக்கும்போது, நியாயமான தேய்மானத்தால் வந்த மாற்றங்கள் நீங்கலாக, பெற்ற நிலையில் திருப்பித் தர வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் உள்ள பழைய விதி. விடுதி அறை கண்டிப்பான பொருளில் குத்தகை அல்ல என்றாலும், இந்த அளவுகோலைவிடப் பொருத்தமானது வேறில்லை. எது தேய்மானம், எது சேதம் என்பதில்தான் தகராறு முழுதும் அடங்கியிருக்கிறது. அதற்கு விடை காண நம் மண்ணையும் தண்ணீரையும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தின் பெரும்பகுதி கரிசல் பூமி. மழையில் ஊதிப் பெருத்து, கோடையில் சுருங்கி வெடிக்கும் மண் அது. அடித்தளம் அதற்கேற்ப அமையாத கட்டடங்களில், சன்னல், கதவு நிலைகளின் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல்கள் விழுகின்றன. கோடையில் விரிந்து, மழைக்குப்பின் சற்றே மூடிக்கொள்வதும் உண்டு. அப்படிப்பட்ட விரிசலுக்கும் அறையில் தங்கியவருக்கும் தொடர்பே இல்லை. தரையிலிருந்து இரண்டு, மூன்று அடி உயரம் வரை வண்ணம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, வெண்மையாக உப்புப் பூத்திருந்தால் அது ஓதம். நிலத்தின் ஈரம் சுவரில் ஏறி, உப்பை வெளியே தள்ளுகிறது. அதன் மீது எத்தனை முறை வண்ணம் பூசினாலும் உதிரும். ஆணி அடித்த ஓட்டை, இருபக்க ஒட்டுநாடாவைப் பிய்த்த இடத்தில் சதுரமாகப் பெயர்ந்த பூச்சு, சமையல் அடுப்பின் புகைக்கரி ஆகியவை வேறு வகை. அவை மனிதர் செய்தவை. படத்தில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும்: ஓதம் சுவரின் அடியில் நீளவாக்கில் ஓடும், ஒட்டுநாடாவின் தழும்பு கண் மட்டத்தில் திட்டாக நிற்கும்.

நம் மாணவி, சுவரில் நாள்காட்டியும் பாட அட்டவணையும் ஒட்டி இரண்டு திட்டுகளை உண்டாக்கியிருக்கிறார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு திட்டுகளையும் பட்டி பார்த்துச் சரிசெய்ய 250 ரூபாய் என்று வைப்போம். ஆனால், உரிமையாளர் கேட்பது அறை முழுவதற்கும் வண்ணம் பூச 9,000 ரூபாய், அதில் ஒருவரின் பங்கு 3,000 என்று. தங்குபவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுவருக்கு வண்ணம் பூசித்தான் ஆக வேண்டும். அது விடுதி நடத்துவதன் செலவு, மாதக் கட்டணத்திலேயே அடங்கியது. பழைய சுவரைப் புதுச் சுவராக்கும் செலவைத் தங்கியவர் தலையில் வைப்பது ஈடுகட்டுதல் ஆகாது.

குளியலறைக் கறையும் அப்படியே. உப்புத்தண்ணீர் புழங்கும் ஊர்களில் குழாய்முனையிலும் தளக்கல்லிலும் வெண்படிவம் சேர்வது சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளின் வேலை. மூவர் இரண்டாண்டு குளித்த குளியலறையில் அது இல்லாமலிருந்தால்தான் வியப்பு. 1,000 ரூபாய்ப் பிடித்தத்துக்கு இடமில்லை. கண்ணாடி விரிசல் முதல் நாள் படத்திலேயே இருக்கிறது. 700 ரூபாயும் நிற்காது. அலமாரிச் சாவியை மாணவி தொலைத்தது உண்மை. பூட்டை மாற்ற ஆன செலவைத் தர வேண்டும். ஆனால், அந்த வகைப் பூட்டு உள்ளூர்க் கடையில் ஆள்கூலியோடு 350 ரூபாய்க்குக் கிடைக்கும்போது 800 ரூபாய்க்கு ரசீது கேட்பதில் தவறில்லை.

எஞ்சியது 'பராமரிப்பு'. சேரும்போது கொடுத்த ரசீதின் பின்புறத்தில் "காலி செய்யும்போது பராமரிப்புக்காக 1,000 ரூபாய் பிடித்தம் செய்யப்படும்" என்று சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. இதைக் கண்டதும் மாணவிக்குக் கோபம் வரலாம். ஆனால், சேரும்போதே தெரிவிக்கப்பட்ட, மிதமான ஒரு தொகையை எதிர்த்து மல்லுக்கட்டுவதில் பயனில்லை என்பது என் கருத்து. அச்சில் இல்லாத கூடுதல் 500 ரூபாயை மட்டும் மறுத்தால் போதும். ஆக, மாணவி ஏற்பது 1,000, 350, 250 சேர்ந்து 1,600 ரூபாய். வர வேண்டியது 8,400 ரூபாய்.

சில ரசீதுகளில் "முன்பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது" என்றே அச்சடித்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் அடங்கிவிடுகிறார்கள். அந்த வாசகம் இறுதித் தீர்ப்பு அல்ல. ஒப்பந்தத்தை மீறியதற்குத் தண்டத்தொகை குறிப்பிடப்பட்டிருந்தாலும், நியாயமான இழப்பீட்டுக்கு மேல் பெற முடியாது என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு. இழப்பே இல்லாதபோது முன்பணத்தைப் பறிமுதல் செய்ய இயலாது என்பதை 2015-இல் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் எதிர் டெல்லி வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அது கோடிகளில் நடந்த நில ஏலத் தகராறு. அதன் தர்க்கம் பத்தாயிரத்துக்கும் பொருந்தும்.

கடிதத்தில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய பிடித்தம் போக, முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. ஆனால், உணவக விடுதி, தங்கும் விடுதி, சத்திரம் போன்றவற்றை அச்சட்டம் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. ஒரு வீட்டின் மாடியை மூன்று மாணவர்கள் தனிச் சாவியோடு வாடகைக்கு எடுத்திருந்தால் அச்சட்டம் துணை வரும். வார்டனும் பொதுச் சமையலும் இரவு நேரக் கட்டுப்பாடும் உள்ள விடுதியில் ஒரு கட்டிலுக்குப் பணம் கட்டியவருக்கு அது துணை வருவது ஐயமே. அந்த ஒரு மாத அளவை நியாயமான கால வரம்பு என்ற முறையில் கடிதத்தில் கேட்கலாம். சட்டக் கட்டளை என்று அதட்டக் கூடாது. பிழையான ஒரு சட்டப் பிரிவைக் கண்டால், எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குக் கடிதம் முழுவதையும் ஒதுக்க அதுவே சாக்காகிவிடும்.

விடுதிக்கு உறுதியாகப் பொருந்துவது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 'சேவை' என்பதன் வரையறையிலேயே உணவும் தங்குமிடமும் அளிப்பதை அது சேர்த்திருக்கிறது. கல்லூரியே நடத்தும் விடுதியின் நிலை வேறு. கல்வி நிறுவனங்களும் அவற்றின் துணைச் சேவைகளும் இச்சட்டத்தில் அடங்குமா என்பதில் நீண்ட சட்ட விவாதம் உண்டு. அங்கே முதலில் கல்லூரி நிர்வாகத்துக்கும், பிறகு பல்கலைக்கழகத்துக்கும் எழுதுவதே நேர்வழி. நாம் பேசுவது தனியார் விடுதியைப் பற்றி.

கடிதம் யாருக்கு என்பதும் சிறு புதிராக இருக்கும். கட்டடம் ஒருவருடையது, விடுதி நடத்துபவர் இன்னொருவர், முன்பணம் போனதோ மேலாளரின் தொலைபேசி எண்ணுக்கு. பணத்தைப் பெற்றவருக்கும், விடுதியை நடத்துபவருக்கும் சேர்த்தே எழுத வேண்டும். பெண்கள் விடுதி எனில், 2014-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மகளிர், குழந்தைகள் விடுதிகள் மற்றும் இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி அது உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமத்தில் இருக்கும் பெயர்தான் எழுத வேண்டிய பெயர். தங்கியிருக்கும்போதே அதையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

அழைப்பு முறையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு ஆண்டுகள் 'அண்ணாச்சி' என்று அழைத்தவரைத் திடீரென 'எதிர்மனுதாரர்' ஆக்கினால் அவர் சீறத்தான் செய்வார். மரியாதை குறையாமல் எழுதலாம். அதனால் கோரிக்கை தளர்ந்துவிடாது. நம் மாணவியின் கடிதம் ஏறத்தாழ இப்படி அமையலாம்:

"மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு, வணக்கம். தங்கள் விடுதியின் அறை எண் 7-இல் இரண்டு ஆண்டுகள் தங்கியிருந்து, ஏப்ரல் 27 அன்று முன்னறிவிப்புக் கொடுத்து, மே 28 அன்று காலி செய்து, வார்டன் அம்மாவிடம் சாவியை ஒப்படைத்தேன். கட்டணப் பாக்கி ஏதும் இல்லை. சேர்ந்தபோது நான் செலுத்திய முன்பணம் 10,000 ரூபாய். ரசீதின் நகல் இணைத்துள்ளேன்.

"தாங்கள் ஜூன் 15 அன்று அனுப்பிய கணக்கில் 7,000 ரூபாய் பிடித்தம் காட்டியுள்ளீர்கள். அலமாரிச் சாவியைத் தொலைத்தது நான்தான். அதற்கு 350 ரூபாயும், சுவரில் ஒட்டுநாடாவால் ஏற்பட்ட இரண்டு திட்டுகளுக்கு 250 ரூபாயும், ரசீதில் கண்டபடி பராமரிப்புக்கு 1,000 ரூபாயும் ஏற்கிறேன். பூட்டுக்கு இதற்கு மேல் செலவாகியிருந்தால் கடை ரசீதைக் காட்டுங்கள், தருகிறேன்.

"சன்னல் கண்ணாடியின் விரிசல் நான் சேர்ந்த நாளிலேயே இருந்தது. அன்று மாலை 6.40 மணிக்குத் தங்களுக்கு அனுப்பிய படம் 3-இலும், காலி செய்த அன்று எடுத்த படம் 14-இலும் அதே விரிசலைக் காணலாம். கதவுப் பக்கச் சுவரின் அடியில் வண்ணம் உதிர்ந்திருப்பது ஓதத்தால். படம் 5, படம் 16. குழாய்களில் உள்ள வெண்படிவம் தண்ணீரின் உப்பால் வந்தது. எனவே, இவற்றுக்கான பிடித்தத்தை ஏற்க இயலவில்லை. எனக்கு வர வேண்டிய 8,400 ரூபாயை இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் கீழ்க்காணும் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் தீர்வு கிட்டாவிடில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிட நேரும்."

கடிதத்தில் குற்றச்சாட்டு ஏதுமில்லை. 'ஏமாற்று', 'மோசடி' என்ற சொற்கள் இல்லை. காவல் நிலையத்துக்குப் போவேன் என்ற மிரட்டலும் இல்லை; முன்பணத் தகராறு உரிமையியல் சார்ந்தது என்று அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது உரிமையாளருக்கும் தெரியும். சான்றிதழையோ ஆதார் அட்டையையோ பிடித்து வைத்துக்கொண்டால் மட்டும் கதை வேறு. படங்களுக்கு எண் கொடுத்து, வாக்கியத்துக்குள்ளேயே அந்த எண்ணைச் சொல்லியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நாற்பது படங்களை மொத்தமாக இணைத்து 'பார்த்துக்கொள்ளுங்கள்' என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். எட்டுப் படங்கள், ஒவ்வொன்றும் ஒரு பிடித்தத்துக்குப் பதிலாக இருந்தால் போதும்.

இதை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புவதோடு, ஒப்புகையுடன் அஞ்சலிலும் அனுப்ப வேண்டும். பழைய பதிவு அஞ்சல் 2025-இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டுவிட்டது. பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று அஞ்சலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கையெழுத்திட்ட ஒப்புகை திரும்பி வந்தால் அதையும் படங்களோடு சேர்த்து வைக்க வேண்டும். பெற்றுக்கொள்ள மறுத்துத் திரும்பிய உறையைப் பிரிக்கக் கூடாது. பிரிக்கப்படாத அந்த உறையே ஒரு சான்று.

இதற்கிடையே உரிமையாளர் 3,000 ரூபாயைக் கணக்கில் போட்டுவிடலாம். திருப்பி அனுப்பத் தேவையில்லை. "3,000 ரூபாய் பகுதித் தொகையாகப் பெறப்பட்டது, மீதி 5,400 ரூபாய் நிலுவையில் உள்ளது" என்று அன்றே பதில் எழுதினால் போதும். எழுதக் கூடாத ஒரே வாசகம் 'முழுக் கணக்கும் தீர்ந்தது' என்பது. அவசரத்துக்கு 3,000 கிடைத்தால் போதும் என்று அதில் கையெழுத்திட்டவரின் படங்களை அதன்பின் யாரும் பார்க்கப்போவதில்லை.

15 நாள்கள் கடந்தும் பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதியலாம். அது தீர்ப்புச் சொல்லும் அமைப்பு அல்ல. ஆனால், எதிர்த்தரப்பைப் பேச வைக்க முயலும். அடுத்தது மாவட்ட ஆணையம். விருதுநகர் மாவட்டத்துக்கான ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ளது. நம் மாணவி அங்கே வர வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த நல்ல மாற்றம். எனவே ராமநாதபுரத்திலேயே முறையிடலாம். பணமதிப்பு 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். தகராறு எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும்.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். 5,400 ரூபாய்க்காகப் பல வாய்தாக்கள் காத்திருக்க எல்லோராலும் முடியாது. வேலைக்காகச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தாலே அதில் ஒரு பகுதி போய்விடும். வழக்குக்குப் போகாமல் விட்டுவிடுபவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால், கடிதம் எழுதுவதற்கு ஆகும் செலவு ஒரு மாலை நேரமும் அஞ்சல் கட்டணமும்தான். மிளகாய் காயப்போட்டுச் சேர்த்த காசில் அப்பா கட்டிய முன்பணம் அது என்பதை நினைத்தால், அந்த மாலை நேரம் பெரிதல்ல. உரிமையாளர் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு: புகார் பதிவானால் அவரும் எழுத்துவழிப் பதில் தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளைக் காட்ட வேண்டும். இல்லாத ரசீதைக் காட்டுவதைவிட மீதியை அனுப்பிவிடுவது எளிது என்று பலருக்குத் தோன்றும்.

அந்தச் சன்னல் கண்ணாடிக்கு 700 ரூபாய் பிடித்தம் செய்யப்பட்டதே, அது மாற்றப்பட்டதா என்பதையும் அறிய வழி இருக்கிறது. ஜூன் கடைசியில் அறை எண் 7-க்குப் புதிதாக ஒரு முதலாண்டு மாணவி வருவாள். பெட்டியைப் பிரிப்பதற்கு முன் அவள் எடுக்கும் மூன்றாவது படத்தில் அதே விரிசல் இருந்தால், அதன் ஒரு நகலை மூத்த மாணவிக்கும் அனுப்பி வைக்கலாம்.